வாசிப்பெளிமை: சொல்லும் சோதனையும்

கல்முனையில் அறிவித்தல்களைத் திருத்தும் எங்களிடையே “ரீடபிலிட்டி பார்த்தாச்சா?” என்ற கேள்வி அடிக்கடி வரும். வாசித்து விளங்கிக்கொள்ள எளிதாக இருக்கிறதா என்று பார்த்தாச்சா என்பதுதான் அதன் பொருள். ஆங்கிலத்தில் ‘ரீட்’ என்ற வினையின் பழைய வடிவத்துக்கு ஆலோசனை சொல்லுதல், பொருள் விளக்குதல் என்ற கருத்துகளும் இருந்தன. தமிழில் இதற்கு வாசிப்புத்தன்மை, படிப்பெளிமை, வாசிப்பெளிமை என்று பல சொற்கள் வழங்குகின்றன. நான் வாசிப்பெளிமை என்றே எழுதுகிறேன். ‘தன்மை’ என்றால் எந்தத் தன்மை என்று கேட்கத் தோன்றும். ‘எளிமை’ நேரே சொல்லிவிடுகிறது. ‘படிப்பு’ என்றால் எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் படிப்புத்தான் முதலில் நினைவுக்கு வரும். பாட்டையும் நாங்கள் படிக்கத்தானே செய்கிறோம்!

‘வாசி’ வடமொழியின் ‘வாச்’, அதாவது பேச்சு, என்ற வேரோடு தொடர்புடையது. வாசிப்புக்குள் குரல் இருக்கிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். பொருள் விளங்குகிறதா, குரலில் சரியாக வருகிறதா என்ற இரண்டையும்தான் இந்தச் சோதனையில் பார்க்கிறோம்.

எழுத்துத் தெளிவு வேறு. அது எழுத்துருவையும் அளவையும் சார்ந்தது. எழுத்து பளிச்சென்று தெரிந்தும் வாக்கியம் விளங்காமல் போகலாம்.

வாசிப்பெளிமையை எண்ணால் அளக்க ருடால்ஃப் ஃபிளெஷ் 1948இல் வெளியிட்ட ஆங்கில அளவுகோல் இன்றும் பல மென்பொருள்களில் இருக்கிறது:

```
206.835 − 1.015 × (சொற்கள் ÷ வாக்கியங்கள்) − 84.6 × (அசைகள் ÷ சொற்கள்)
```

மதிப்பு கூடினால் எளிமை கூடுகிறது என்று பொருள். 60க்கு மேல் வந்தால் சாதாரண வாசகருக்குப் போதும். இதில் “நாளை எங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்பதைப் போட்டுப் பாருங்கள். 4 சொற்கள், 10 அசைகள். விடை சுமார் −8.7. சின்னப் பிள்ளைக்கும் விளங்கும் வாக்கியம் பூச்சியத்துக்குக் கீழே போய்விடுகிறது! தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டுவதால் அசைகள் கூடும். ஆகவே இந்த எண்ணைத் தமிழுக்கு நம்ப வேண்டாம். மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

மெருகேற்றி முடித்த 40 அறிவித்தல்களில் ஒன்று இது:

“வெள்ளத்தினால் பாதிக்கப்பட்டுள்ள குடும்பத்தினர் தமது அடையாள அட்டையின் பிரதியினைச் சமர்ப்பிப்பதன் மூலம் உலருணவினைப் பெற்றுக்கொள்ள முடியும் என அறியத்தரப்படுகின்றது.”

இலக்கணப் பிழை இல்லை. அம்பாறையில் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்ற சிங்கள உத்தியோகத்தர் ஒருவரிடம் கொடுத்தோம். “விளங்குதா?” என்று கேட்டால் எவரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். அதனால் “யார், எதைக் கொண்டு, எங்கே போக வேண்டும்?” என்று கேட்டோம். “எங்கே” என்ற இடத்தில் அவர் நின்றுவிட்டார். சரிதான், அந்த விவரமே அதில் இல்லை. மெருகேற்றிய எங்கள் கண்ணுக்கும் அது தப்பியிருந்தது.

மற்ற இடங்களில் அவரைத் தடுக்கியது சொல் வரிசை அல்ல. சிங்களத்திலும் வினை கடைசியில்தான் வரும். ‘பிரதியினைச்’, ‘அறியத்தரப்படுகின்றது’ போன்ற ஒட்டுகள்தான் தடை. பேச்சுத் தமிழ் பழகிய காதுக்கு அவை அந்நியம். அகராதியில் அப்படியே தேடினாலும் கிடைக்காது. மாறாக, ‘பிரதேசம்’ போன்ற வடசொல் அவருக்குச் சுலபம், அது சிங்களத்திலும் உண்டு. தனித்தமிழ் ஆசையில் இப்படிப்பட்ட சொற்களை மாற்றினால் இவருக்குக் கதவை மூடுகிறோம். எனக்குத் தனித்தமிழ் பிடிக்கும். ஆனாலும் அறிவித்தலில் அதை வற்புறுத்த மாட்டேன்.

திருத்திய வடிவம்:

“வெள்ளத்தால் பாதிக்கப்பட்டீர்களா? உங்களுக்கு உலருணவு கிடைக்கும். அடையாள அட்டையின் பிரதி ஒன்றைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.”

அப்புறம் மற்ற 39ஐயும் பார்த்தோம். ஒன்றில் ‘நகல்’, இன்னொன்றில் ‘கொப்பி’. ஒரே பொருளுக்கு மூன்று சொல் இருந்தால், இரண்டாம் மொழி வாசகர் மூன்று தாள் கேட்கிறார்கள் என்று நினைக்கலாம். ‘பிரதி’ என்பதையே எல்லாவற்றிலும் வைத்தோம்.

அடுத்தது குரல். கண் தெரியாதவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் NVDA போன்ற திரை வாசிப்பானை ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் கேட்க வேண்டும். பார்த்துக்கொண்டே கேட்டால் காது விட்டதைக் கண் நிரப்பிவிடும். ‘ஔடதம்’ என்பதன் முதலெழுத்தை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குரல் ‘ஒளடதம்’ என்றே வாசிக்கும். ‘மு.ப.’, ‘ரூ. 2,500/-’ போன்றவற்றைக் குரலுக்குக் குரல் வேறுவிதமாகச் சொல்லும். ‘காலை 8.30 மணி’, ‘2,500 ரூபா’ என்று எழுதினால் தொல்லை குறைவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை பாமினி எழுத்துரு. அதில் தட்டிய ‘தமிழ்’ திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது `jkpo;`. திரை வாசிப்பான் அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் வாசிக்கும். ஒரு வரியைப் பிரதியெடுத்து வெறும் உரைக்கோப்பில் ஒட்டிப் பாருங்கள். இப்படி வந்தால் முழுத் தொகுதியையும் யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் எழுத்துகள் சிதைந்தனவா என்று மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும். நாங்கள் இப்போது வாக்கியத்தில் கைவைக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுகிறோம்.