கடற்கரை மணல்ல செப்டிக் டேங்க்: எவ்வளவு பெருசு, எவ்வளவு ஆழம்?

தொண்டில இருந்து மண்டபம் வரைக்கும் கடலோரத்துல பாதி வீட்ல செப்டிக் டேங்க்னு சொல்றது நாலஞ்சு சிமெண்ட் உறைய அடுக்கி இறக்குன அடி இல்லாத குழிதான், அது டேங்கே இல்லங்க. மலம் அப்படியே மணலுக்குள்ள போகுது, அதே மணல்ல ஊத்து தோண்டி குடிக்கவும் செய்றோம். இங்க நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மெல்லிசா மிதந்துட்டு நிக்கிறதால அழுக்கு கலக்குறதும் அந்த மேல் அடுக்குலதான்.

ஆறு பேர் இருக்குற வீடுன்னு வச்சுக்குவோம், கக்கூஸ் குளியல் எல்லாம் சேர்த்து நாளைக்கு 500 லிட்டர். தண்ணி ஒரு நாளாவது அசையாம நின்னாதான் கசடு அடில படியும், அதுக்கு 500 லிட்டர் இடம். கசடு ஆளுக்கு வருஷம் 40 லிட்டர்னு போட்டா மூணு வருஷத்துக்கு 720. மேல மிதக்குற ஏடுக்கும் இடம் விட்டு 1500 லிட்டர்னு வைங்க. நீளம் 2 மீட்டர், அகலம் 75 சென்டிமீட்டர், தண்ணி ஆழம் 1 மீட்டர், அதுக்கு மேல ஒரு அடி காலி. சதுரமா கட்டாதீங்க, உள்ள வந்த தண்ணி படியுறதுக்குள்ள வெளிய ஓடிரும். அடியும் சுவரும் கசியாம பூசணும், போற வழில டி பைப் ஒரு அடி தண்ணிக்குள்ள முங்கி நிக்கணும், இல்லன்னா ஏடு போய் மணல அடைச்சிரும்.

டேங்க் சுலபம், உறிஞ்சு குழிலதான் வம்பே. நீர்மட்டத்த சித்திரைல பாத்து ஏமாறாதீங்க, கார்த்திகைல பாருங்க. நம்ம வீட்ல அப்ப 5 அடில தண்ணின்னா 8 அடி உறைக்குழி தண்ணிக்குள்ளதான் நிக்கும், மழைக்காலத்துல கக்கூஸ்ல ஊத்துன தண்ணி களக் களக்னு எதுத்து வர்றது இதனாலதான். குழி அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவுல 3 அடியாவது காஞ்ச மண் வேணும், கிருமி சாகுறது அந்த மண்ணுலதான்.

அதனால ஆழம் வேணாம், அகலமா போங்க. 2 அடி ஆழத்துல ஒரு சின்ன ஓட்டை போட்டு ராத்திரி பூரா மண்ண ஊற வச்சு, காலைல தண்ணி ஊத்தி 25 மில்லிமீட்டர் இறங்க எத்தனை நிமிஷம்னு பாருங்க, அதுதான் t. ஒரு சதுர மீட்டர் மண் நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கும்ங்கிறதுக்கு கணக்கு இது:

Q = 130/√t

4 நிமிஷம்னா 65 லிட்டர். 500 லிட்டருக்கு 7.7 சதுர மீட்டர், அதாவது 3 அடி அகலம் 14 அடி நீளத்துல ரெண்டு வாய்க்கா, 2 அடி ஆழம், ஜல்லி போட்டு ஓட்டை பைப் பதிச்சு மூடிரணும். ஊத்து, கிணறுல இருந்து 60 அடி தள்ளி இருக்கணும், பக்கத்து வீட்டுக் கிணறும் இதுல சேர்த்திதான்.

பைப் இவ்வளவு மேல போகணும்னா டேங்கும் மேலதான் நிக்கணும், அதனால கக்கூஸ் தரைய ஒன்றரை ரெண்டு அடி ஒசத்திக் கட்டச் சொல்லி கொத்தனார்கிட்ட அஸ்திவாரம் போடும்போதே சொல்லிருங்க, தளம் போட்டப்புறம் சொன்னா இடிச்சுதான் ஆகணும்.