‘லிமிடெட்’ என்ற சொல் யாரைக் காப்பாற்றும்?

கம்பெனி வாங்கிய கடனை நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்ற ஒரே கேள்வியோடு சென்ற மாதம் மட்டும் மூன்று பேர் என் அலுவலகப் படியேறினார்கள். மூவருமே சிறுதொழில் தொடங்கியவர்கள். மூவருமே இணைய விளம்பரம் பார்த்துப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு செய்தவர்கள். மூவருமே தொழில் படுத்த பிறகுதான் தணிக்கையாளரைத் தேடியவர்கள். இதையே எத்தனை முறை வாயால் சொல்வது என்ற அலுப்பில்தான் எழுத உட்கார்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். காங்கேயம் பக்கத்து இளைஞர் ஒருவரும் அவருடைய மச்சானும் சேர்ந்து, 2021 ஜூனில் ஒரு லட்ச ரூபாய் மூலதனத்தில் கம்பெனி பதிவு செய்து எண்ணெய்ச் செக்கு போட்டார்கள். எந்திரத்துக்கு வங்கியில் 12 லட்சம் கடன்; கொப்பரை வியாபாரியிடம் 4 லட்சத்துக்குக் கடன் சரக்கு. 2022 டிசம்பரில் செக்கு நின்றது. 2024 ஜூன் பத்தாம் தேதி என் முன்னே உட்கார்ந்து அந்த இளைஞர் கேட்டார்: “கம்பெனிதானுங்களே கடன் வாங்குச்சு, நாங்க ஏனுங்க கட்டோணும்?”

என்னைப் பொறுமையிழக்க வைக்கும் எண்ணம் இதுதான். கம்பெனியின் கடனுக்குப் பங்குதாரர் தாம் போட்ட பணத்துக்கு மேல் பொறுப்பாகமாட்டார் என்பது சட்டப்படி உண்மையே. ஆனால் நேற்றுப் பிறந்த, ஒரு லட்சம் மட்டுமே கையிருப்புள்ள கம்பெனியை நம்பி எந்த வங்கி 12 லட்சம் கொடுக்கும்? கடன் பத்திரங்களோடு இரு இயக்குநர்களிடமும் தனிப்பட்ட ஜாமீன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அப்படிக் கையெழுத்திட்டவரின் பொறுப்பு, கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. முதலில் கம்பெனியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வங்கியிடம் சொல்லவும் முடியாது. “ஏகப்பட்ட தாளுங்க, எதுல போட்டோமுன்னே தெரியலீங்க” என்றார் மச்சான். அந்தத் தாள்களில் ஒன்றுதான் அவர்கள் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பைப் பறித்துவிட்டது.

கொப்பரை வியாபாரியிடம் கொடுத்திருந்தது கம்பெனிக் காசோலை. ஆயினும் அது பணமின்றித் திரும்பினால், அறிவிப்பு வந்த 15 நாள்களுக்குள் தொகையைக் கட்டாதபோது, கம்பெனியோடு சேர்த்துக் கையெழுத்திட்ட இயக்குநர் மீதும் குற்ற வழக்குத் தொடுக்கலாம். வருமான வரி, ஜி.எஸ்.டி. பாக்கிகளையும் கம்பெனியிடம் வசூலிக்க முடியாதபோது, தம் அலட்சியம் காரணமல்ல என்று நிரூபிக்காத இயக்குநரிடம் துறை வந்து நிற்கும். ஆக, சிறுதொழிலில் உண்மையாகத் தலைவலி தரும் கடன்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘லிமிடெட்’ குடை பிடிப்பதில்லை. ஜாமீனோ காசோலையோ இல்லாமல் வாங்கிய கடன் சரக்கு, வாடிக்கையாளர் கேட்கும் நஷ்டஈடு போன்றவற்றுக்குத்தான் அது உதவும்.

அடுத்தது, தொழிலை நிறுத்தினால் கம்பெனியும் நின்றுவிடும் என்ற எண்ணம். நிற்காது. விற்பனை ஒரு ரூபாயானாலும் ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து, கணக்கறிக்கையை AOC-4 படிவத்திலும் ஆண்டு அறிக்கையை MGT-7A படிவத்திலும் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். அதற்கு உச்ச வரம்பு கிடையாது. இவர்கள் இரண்டு நிதியாண்டுகளுக்கு எதையும் தாக்கல் செய்திருக்கவில்லை. முதல் ஆண்டின் AOC-4 படிவம் 497 நாள்களும் MGT-7A 467 நாள்களும், இரண்டாம் ஆண்டினுடையவை 224, 194 நாள்களும் தாமதம். மொத்தம் 1,382 நாள்கள், 1,38,200 ரூபாய். போட்ட மூலதனத்தைவிட அதிகம். மூன்றாம் ஆண்டும் தொடர்ந்து தவறியிருந்தால் இருவரும் 5 ஆண்டுகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராகும் தகுதியை இழந்திருப்பார்கள். 2020-இல் வந்ததைப் போன்ற தாமதக் கட்டணச் சலுகை மறுபடி வரும் என்று காத்திருந்ததாகவும் சொன்னார்கள். அப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் படிவத்துக்கு 100 ரூபாய் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பதிவு செய்து கொடுத்த இணைய நிறுவனத்தின் வேலை சான்றிதழ் அனுப்பியதோடு முடிந்துவிட்டது.

கம்பெனியை முறைப்படி மூட STK-2 விண்ணப்பத்துக்கு 10,000 ரூபாய் கட்டணம். அதற்குமுன், தொழில் நின்ற நிதியாண்டு வரையிலான பாக்கித் தாக்கல்களையும் முடிக்க வேண்டும், கடன்களையும் தீர்க்க வேண்டும்.

அப்படியானால் இவர்கள் எப்படித் தொடங்கியிருக்க வேண்டும்? இளைஞரின் தனி உரிமையாளர் தொழிலாக என்பதே என் பதில். அதற்கெனத் தனிப் பதிவுச் சட்டம் எதுவும் இல்லை. அவருடைய பான் எண்ணே தொழிலின் பான் எண். உத்யம் பதிவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, தேவைப்பட்டால் ஜி.எஸ்.டி., ஒரு நடப்புக் கணக்கு, அவ்வளவுதான். வரியிலும் ஆதாயம் உண்டு. தொழிலில் 5 லட்சம் இலாபம், வேறு வருமானம் இல்லை என்று வையுங்கள். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி தனிநபருக்கு 12 லட்சம் வரை வரி வராது. அதே இலாபம் கம்பெனியில் இயக்குநர் சம்பளம் எடுக்காமல் நின்றால், 22 விழுக்காட்டு வரியைத் தேர்ந்தெடுத்தாலும் கூடுதல் வரியும் செஸ்ஸும் சேர்த்து முதல் ரூபாயிலிருந்தே 25.17 விழுக்காடு, அதாவது சுமார் 1,25,800 ரூபாய். சம்பளமாக எடுத்து இதைக் குறைக்கலாம். ஆனால் அதற்குத் தீர்மானம், ஏடு, மாதாமாதம் ஒழுங்கு எல்லாம் வேண்டும். நம் ஆட்கள் செய்வதோ, கம்பெனிக் கணக்கிலிருந்தே மளிகைக்கும் சீர்வரிசைக்கும் ஜி-பே செய்வது. கம்பெனியில் சேர்ந்த இலாபம் இருக்கும்போது பெரும் பங்குதாரர் இப்படிக் கைமாற்றாக எடுக்கும் பணத்தை ஈவுத்தொகையாகக் கருதி வரி போடச் சட்டத்தில் இடமுண்டு.

மச்சானும் பணம் போட்டு, இலாபத்தில் பங்கு கேட்டால் கூட்டாண்மை பொருந்தும். அங்கே ஒருவர் தொழிலுக்காக வாங்கும் கடனுக்கு மற்றவரின் வீடும் தோட்டமும் பொறுப்பு என்பதைப் பெண்டு பிள்ளைகளுக்கும் தெரியும்படி பேசிவிட்டு இறங்குங்கள். பத்திரத்தாளில் ஒப்பந்தம் எழுதி நோட்டரி முத்திரை வாங்கியதோடு பதிவு முடிந்தது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யாத கூட்டாண்மை, தனக்கு வரவேண்டிய பாக்கிக்காக உரிமையியல் வழக்குப் போட 1932-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. கடனுக்குச் சரக்கு கொடுத்தே பழகிய நம் பக்கத்தில் இதன் அர்த்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இருவர் மட்டுமே உள்ள கூட்டாண்மை ஒருவர் இறந்தால் கலைந்துவிடும் என்பதையும் ஒப்பந்தம் எழுதும் அன்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளியார் முதலீடு உறுதியாகி அவருக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்தாலோ, பெரிய கொள்முதலாளர் கம்பெனியோடு மட்டுமே ஒப்பந்தம் செய்வேன் என்று எழுதிக் கொடுத்தாலோ, இலாபம் பெருகி அதைத் தொழிலிலேயே விடும் நிலை வந்தாலோ, அப்போது மாறுங்கள். தனி உரிமையாளர் தொழிலைக் கம்பெனிக்கு மாற்றும்போது, சொத்தும் கடனும் முழுவதும் மாறி, பாதிக்குக் குறையாத பங்கை அவரே 5 ஆண்டு வைத்திருப்பது உள்ளிட்ட நிபந்தனைகள் நிறைவேறினால் மூலதன ஆதாய வரி வராது. பான் மாறுவதால் ஜி.எஸ்.டி. பதிவையும் புதிதாக எடுக்க வேண்டும்.

அந்த இளைஞர் தகப்பனார் கொடுத்த பணத்தில் வங்கியையும் கொப்பரைக்காரரையும் தீர்த்து, தாமதக் கட்டணத்தையும் கட்டினார். கம்பெனிப் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. இப்போது தம் பெயரிலேயே செக்கு ஓட்டுகிறார், மச்சான் சம்பளத்துக்கு வருகிறார். போன வாரம் அந்த வழியாகப் போனபோது பழைய பெயர்ப்பலகை அப்படியே தொங்கியது. கம்பெனி அல்லாதவர் பெயரோடு பிரைவேட் லிமிடெட் என்று போட்டுக்கொள்வதும் குற்றம், அதற்கும் நாள் கணக்கில் அபராதம் என்று வண்டியிலிருந்து இறங்கிச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த இரண்டு சொற்களின் மேல் மறுநாளே சுண்ணாம்பு பூசிவிட்டதாகப் புகைப்படம் அனுப்பியிருக்கிறார்.