ராட்டினத்தைத் திருப்பிச் சுற்றினால் என்ன மாறும்?

மரினா பே பக்கம் நிற்கும் சிங்கப்பூர் ஃபிளையர் என்ற ராட்சத ராட்டினம் 2008-இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் அது சுற்றும் திசையை மாற்றிவிட்டார்கள். பழைய திசையில் சுற்றினால் ஊரின் செல்வம் வெளியே போய்விடும் என்று ஃபெங் சுயி பார்ப்பவர்கள் சொன்னதுதான் காரணம். வாஸ்துவுக்காக வாசலையே இடித்துக் கட்டும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. செல்வக் கணக்கு எப்படியோ போகட்டும், இயற்பியல் கணக்கில் என்ன மாறியது என்று பார்க்கலாம்.

இதைக் கிளறிவிட்டது தொடக்கக்கல்லூரி மாணவி ஒருவரின் கேள்வி: "ராட்டினம் ஒரே வேகத்தில்தானே சுற்றுகிறது, பிறகு முடுக்கம் எங்கிருந்து வருகிறது?"

அடிப்படை உங்களுக்குத் தெரியும். எவ்வளவு விரைவு என்பது மட்டும் வேகம், அதாவது ஸ்பீட். அதோடு எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்தால் திசைவேகம், வெலாசிட்டி. ஃபிளையர் சக்கரத்தின் விட்டம் 150 மீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். சுற்றளவு 471 மீட்டர், நேரம் 1800 விநாடி. வகுத்தால் விநாடிக்கு 0.26 மீட்டர். கைக்குழந்தை தவழ்வதைவிட அதிகமில்லை. ஏறிய இடத்திலேயே இறங்குவதால் முழுச் சுற்றுக்கும் சராசரித் திசைவேகம் பூஜ்யம். இதைத் தேர்வில் எல்லோரும் சரியாக எழுதிவிடுகிறார்கள்.

சிக்கல் அடுத்த படியில். முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். அடியில் 0.26, கால் சுற்று கழித்தும் 0.26, கழித்தால் பூஜ்யம் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறைய. அவர்கள் கழித்தது வேகத்தை. திசைவேகத்தைக் கழிக்க அம்புக்குறி வரைந்தாக வேண்டும்.

வரைந்து பாருங்கள். நம் பார்வையில் சக்கரம் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடியில் இருக்கும் கூண்டு வலப்பக்கமாகப் போகிறது. ஏழரை நிமிடம் கழித்து அது சக்கரத்தின் வலது ஓரத்தில் இருக்கும். அப்போது நேர் மேலே போகும். இதற்குள் வலப்பக்க 0.26 முழுவதும் தொலைந்துவிட்டது, மேல்நோக்கிய 0.26 புதிதாக வந்துவிட்டது. வலப்பக்கம் தொலைவது என்றால் இடப்பக்கம் சேர்வது என்று பொருள். ஆகவே மாற்றம் இடப்பக்கம் 0.26, மேலே 0.26. இரண்டையும் கூட்டினால் 0.37 நீளமுள்ள ஓர் அம்பு, இடது மேல் மூலையை நோக்கி. இந்தக் கால் சுற்றின் நடுப்புள்ளியிலிருந்து பார்த்தால், அந்த அம்பு நேராகச் சக்கரத்தின் மையத்தைக் காட்டுகிறது. இதுதான் மையநோக்கு முடுக்கம்.

இப்போது ஃபெங் சுயிக்காரர் சொன்னபடி திருப்பிச் சுற்றுவோம். அதே வளைவு, எதிர்த் திசை. கூண்டு வலது ஓரத்தில் கீழ்நோக்கிப் புறப்பட்டு, அடிக்கு வரும்போது இடப்பக்கமாகப் போகிறது. கீழ்நோக்கிய 0.26 தொலைந்தது, அதாவது மேல்நோக்கி 0.26 சேர்ந்தது, கூடவே இடப்பக்கம் 0.26 வந்தது. இடப்பக்கம் 0.26, மேலே 0.26. அதே அம்பு!

எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இது. ஒவ்வொரு புள்ளியிலும் திசைவேகம் தலைகீழாகிவிட்டது, ஆனால் முடுக்கம் இம்மியும் மாறவில்லை. திசைவேகத்தின் குறி ஒருமுறை புரண்டது. எது முதல், எது பிறகு என்ற வரிசையும் புரண்டதால் கழித்தலில் இன்னொரு முறை குறி புரண்டது. இரண்டு எதிர்க்குறிகள் ஒன்றையொன்று தின்றுவிட்டன. v²/r என்ற சூத்திரத்தில் v ஏன் இருபடியில் வருகிறது என்று மனப்பாடம் செய்யும்போது, இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அளவு எவ்வளவு? 0.26-ஐ இருபடியாக்கி ஆரம் 75-ஆல் வகுத்தால் 0.0009 மீட்டர்/விநாடி². புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 50 கிலோ எடையுள்ளவர் உச்சியில் தராசில் நின்றால் ஐந்து கிராமுக்கும் குறைவாகத்தான் எடை குறையும், அடியில் அதே அளவு கூடும். கைப்பேசியின் முடுக்கமானியில் இதைப் பிடிக்கலாம் என்று ஏறாதீர்கள். சும்மா மேசைமேல் வைத்தாலே அதன் எண்கள் இதைவிட அதிகமாக ஆடும்.

மிக நுட்பமான கருவி ஒன்று கிடைத்தாலும், ஒரே ஒரு கணத்தில் எடுத்த அளவீட்டை வைத்து ராட்டினம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அதனால் சொல்ல முடியாது. கொஞ்சம் காத்திருக்க வேண்டும். கூண்டு அடியில் இருக்கும்போது நேர் மேலே காட்டும் முடுக்க அம்பு, அடுத்த சில நிமிடங்களில் இடப்பக்கம் சாய்ந்தால் கூண்டு வலப்பக்கமாக ஏறுகிறது. வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கமாக ஏறுகிறது.