டயர் மாற்றிய மூன்றாம் நாள் வண்டி ஆடினால்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஸ்விஃப்ட் கார் ஒன்றை மெதுவாக ஊர்ந்தபடியே எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார் ஒருவர். சனிக்கிழமை முன்பக்க டயர் இரண்டையும் மாற்றியிருக்கிறார். ஞாயிறு ஒன்றும் தெரியவில்லை. திங்கள் காலை 20, 30 கிலோமீட்டர் வேகத்திலேயே ஸ்டீயரிங் ஆட ஆரம்பித்தது. வளைவில் ‘டக் டக்’ என்று சத்தம் வேறு. டயர் கடைக்கு போன் போட்டால், “பேலன்சிங் வெயிட் விழுந்திருக்கும் சார், கொண்டுவாங்க” என்றார்களாம்.

பேலன்சிங் கோளாறு இப்படி வராது. பெரும்பாலும் 80 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் அது ஸ்டீயரிங்கில் தெரியும். டயர் ரிம்மில் கோணலாக உட்கார்ந்திருந்தால் மெதுவான வேகத்திலும் ஆடும்தான். ஆனால் அது கடையை விட்டுக் கிளம்பிய உடனே தெரிந்துவிடும், டக் டக் சத்தமும் இருக்காது. முதலில் சும்மா இருந்துவிட்டு, பிறகு ஆட்டமும் சத்தமும் வந்து, நாளுக்கு நாள் கூடினால் முதல் சந்தேகம் வீல் நட்டின் மேல்தான் விழ வேண்டும்.

வீல் கேப்பைக் கழற்றிப் பார்த்தோம். இடது முன்சக்கரத்தின் நான்கு நட்டில் இரண்டு கையாலேயே சுற்றின. ஒரு நட்டைச் சுற்றித் துருப்பொடி கசிந்திருந்தது. சக்கரம் மாட்டும் ஹப்பின் மேல் ரிம் அசைந்து உரசியதற்கான அடையாளம் அது. உரிமையாளர், “அப்போ நல்லா டைட் பண்ணிக் கொடுத்துடுங்கண்ணே, ஆபீஸுக்கு நேரமாச்சு” என்றார். இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். லூஸாக ஓடிய சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி முறுக்கி அனுப்பக் கூடாது.

கழற்றியதும் கதை புரிந்தது. நான்காவது நட்டு அந்தக் காருடையதே இல்லை. நட்டு ஏறும் போல்ட்டைத்தான் ஸ்டட் என்போம். ஸ்விஃப்டின் ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன், அதன் மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். போட்டிருந்தது 1.5 இடைவெளி உள்ள நட்டு. டொயோட்டா, ஹோண்டா கார்களில் வருவது அந்த அளவு. கையில் போட்டால் ஒன்றிரண்டு சுற்றில் பிடித்துக்கொள்ளும். ஏர் கன் வைத்து அடித்தால் மரையைச் சீவிக்கொண்டே உள்ளே போய்விடும். முறுக்குவதற்கு இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் ரிம்மை ஹப்போடு அழுத்தாது. உண்மையில் சக்கரத்தைப் பிடித்துவைப்பது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த அழுத்தம்தான். அது குறைந்தால் ரிம் நகரும், பக்கத்து நட்டுகளும் தளரும், ஸ்டட்டுக்குப் பக்கவாட்டில் அடி விழும்.

போதாததற்கு ஹப் முகத்தில் துருச் செதில்கள். அவை நடுவில் மாட்டியிருக்கும்போது நட்டை முறுக்கினால் அப்போதைக்கு இறுகும். ஓட்டத்தில் செதில் நொறுங்கியதும் இறுக்கம் போய்விடும். கம்பி பிரஷ் போட்டு ஐந்து நிமிடம் தேய்க்க வேண்டிய வேலை, அவ்வளவுதான்.

அந்த சக்கரத்தின் நான்கு ஸ்டட்டையும் மாற்றினோம். மரை போனது ஒன்றுதான், ஆனால் மற்ற மூன்றும் அந்த ஆட்டத்தில் அடி வாங்கியவை. ரிம்மின் ஒரு ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்ததால் ரிம்மையும் மாற்றச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனாலும் மாற்றினார்.

ஹப் பேரிங்கையும் பார்த்துவிட வேண்டும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, நட்டுகளை முறையாக இறுக்கியபின், மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்போம். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்வோம். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நிற்காவிட்டால் சக்கரத்தை சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் பக்கம் தேட வேண்டும். இந்த வண்டியில் பேரிங் தப்பித்தது. பேரிங் போயிருந்தால் ஓடும்போது ‘ம்ம்ம்’ என்று ஒரு ஊளை கேட்கும், வேகத்தோடு சேர்ந்து அதுவும் கூடும்.

சரி, எவ்வளவு முறுக்குவது? அந்த ஸ்விஃப்டுக்கு 85 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டியின் கணக்கு அதன் கையேட்டில் இருக்கும். டிக்கியில் இருக்கும் ஸ்பேனர் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் 30 கிலோ எடை கொடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். 70 கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். ‘பத்திரமா இருக்கட்டும்’ என்று ஏறி மிதிப்பது ஸ்டட்டை இழுத்து நீட்டும் வேலை. அளவுக்கு மேல் நீண்ட ஸ்டட் பழைய நிலைக்குத் திரும்பாது, பின்னொரு நாள் ஓட்டத்தில் முறியும். மரைக்கு எண்ணெய் விடுவதும் இதே கெடுதலைச் செய்யும். வழுக்கலில் அதே முறுக்குக்கு ஸ்டட் அதிகமாக இழுபடும்.

நட்டைக் கையால் நான்கைந்து சுற்று போட்டபின்தான் கன்னைத் தொட வேண்டும். கையில் ஏறாத நட்டு அந்த ஸ்டட்டுக்கு உரியதில்லை, அல்லது மரையில் ஏதோ கோளாறு. எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசி முறுக்கு, வைத்த அளவு வந்ததும் ‘டிக்’ என்று சொல்லும் டார்க் ரெஞ்சில்தான். டயர் கடையில் அந்த ரெஞ்சைக் கேளுங்கள். இல்லை என்றால் எங்களைப் போன்ற பட்டறை எதிலாவது ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அந்த ஸ்விஃப்டை 80 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி வரச் சொல்லியிருந்தேன். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒரு தடவை பார்ப்பது வழக்கம். மூன்று நட்டில் ரெஞ்ச் உடனே ‘டிக்’ என்றது. நான்காவது நட்டு மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்ந்தது, அப்புறம்தான் ரெஞ்ச் ‘டிக்’ என்றது.