எட்டு வருஷ ஸ்கூட்டருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் வேண்டுமா?

நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது தர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை மட்டும்தான். உங்கள் வண்டி மோதி அடுத்தவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ, அந்த இழப்பீட்டை நிறுவனம் கொடுக்கும். உங்கள் ஸ்கூட்டர் நொறுங்கினால் ஒரு பைசா வராது. அதற்குத்தான் காம்ப்ரிஹென்சிவ் எனப்படும் ஃபுல் இன்சூரன்ஸ்.

பழைய வண்டிக்கு அது வீண் செலவு என்று பலரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் ஐ.டி.வி., அதாவது திருடு போனால் கிடைக்கும் தொகை, நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்வது. 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்த வண்டிச் சேதத்துக்கான பிரீமியம் 320 ரூபாய். இதுவரை க்ளெய்ம் செய்யாமல் 50 சதவீத என்.சி.பி., அதாவது க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி, சேர்ந்திருந்தால் 160 ரூபாய்தான், ஜி.எஸ்.டி. இருந்தால் தனி.

இப்போது ஒரு விபத்து. பிளாஸ்டிக் பேனல்கள் 2,400, இரும்பு பாகங்கள் 1,500, லேபர் 600, ஆக பில் 4,500. பிளாஸ்டிக்கில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். ஐந்திலிருந்து பத்து வயது வண்டியின் இரும்பில் 40 சதவீதம் கழியும். லேபரில் கழிவு இல்லை. 1,200, 900, 600 சேர்ந்து 2,700. கட்டாயக் கழிவு 100 போக, கைக்கு 2,600. மீதி 1,900 உங்கள் பாக்கெட்டிலிருந்து. அடுத்த வருஷம் என்.சி.பி. பூஜ்யத்துக்கு இறங்கிவிடும் என்பதால், சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடாதீர்கள். ஆனால் தெருவில் நிறுத்தும் வண்டி திருடு போனால் 18,000 என்பது பெரிய தொகை.

அதைவிட முக்கியமான விஷயத்தை ஏஜெண்ட்டுகள் பெரும்பாலும் சொல்வதில்லை. பின்னால் உட்கார்ந்து வருகிற மனைவிக்கோ பிள்ளைக்கோ அடிபட்டால் என்ன ஆகும்? வெறும் தர்ட் பார்ட்டி பாலிசியில் அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டிய பொறுப்பு நிறுவனத்துக்கு இல்லை என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் பின்னால் வருபவரும் அடக்கம் என்பதை ஒழுங்குமுறை ஆணையம் 2009-இல் சுற்றறிக்கை மூலம் உறுதி செய்தது. தினமும் இரண்டு பேராகப் போகிறவர்கள் அந்த 160 ரூபாயை யோசிக்காமல் கட்டலாம். தனியாக ஓட்டி, வீட்டுக்குள் பூட்டி நிறுத்துகிறவர், ஐ.டி.வி.யும் சில ஆயிரங்களாகத் தேய்ந்துவிட்டால், தர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், ஓட்டுகிற உங்களுக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ரசீதில் தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் என்.சி.பி. போய்விடும். தர்ட் பார்ட்டிக்கு மாறிவிட்டுத் திரும்பவும் காம்ப்ரிஹென்சிவ் எடுக்கப் போனால், வண்டியை நேரிலோ வீடியோவிலோ பார்த்த பிறகுதான் கொடுப்பார்கள்.