இறக்கை விரித்திருந்தால் மட்டும் தட்டான் ஆகிவிடாது

குளம், ஏரிக்கரைப் பூச்சிகளின் படங்களைப் பார்த்துப் பெயர் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. மழை ஓய்ந்ததும் படங்கள் குவியும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்று: ஊசித்தட்டானைத் தட்டான் என்பது, அல்லது தட்டானை ஊசித்தட்டான் என்பது. இந்த வாரமும் ஒன்று வந்தது. இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் கோரைத் தண்டு ஒன்று. அதில் பழுப்பு நிறத்தில் மெலிந்த பூச்சி, இறக்கைகள் பாதி விரிந்த நிலையில். அனுப்பியவர் "தட்டான்" என்று குறித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "இறக்கையை விரிச்சு வெச்சிருக்கே சார்" என்றார். உட்காரும்போது தட்டான் இறக்கையை விரித்து வைக்கும், ஊசித்தட்டான் முதுகின்மேல் சேர்த்து மடித்து வைக்கும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் லெஸ்டஸ் வகை ஊசித்தட்டான்கள் பகலில் இறக்கையைப் பாதி விரித்தபடியேதான் உட்காரும். நம் ஊர்க் குளங்களில் அவை அரிதும் அல்ல.

அந்தப் படத்தின் தலைப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். நல்லவேளை, படம் சற்று மேலிருந்து எடுத்தது. கண்கள் இரண்டும் தலையின் இரு ஓரங்களில் தள்ளி நிற்கின்றன. உடற்பயிற்சிக்கூடத்து டம்பெல் மாதிரி, நடுவில் தண்டு, இரு முனையிலும் குண்டு. நடு இடைவெளி ஒரு கண்ணின் அகலத்தைவிட அதிகம். அப்புறம் இறக்கை உடலோடு சேரும் இடத்தைப் பார்த்தோம். முன் இறக்கை, பின் இறக்கை இரண்டுமே அங்கே ஒடுங்கி, ஒரே வடிவத்தில் இருந்தன. தட்டானுக்குப் பின் இறக்கை அடியில் அகன்றிருக்கும். ஆக, இது ஊசித்தட்டான், லெஸ்டஸ் பேரினம். அதற்குமேல் இனப்பெயர் சொல்ல வால் நுனியில் உள்ள பற்றிகள் தெரிய வேண்டும். படத்தில் தெரியவில்லை, அதனால் நான் சொல்லவில்லை.

கண் விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் அடிக்கடி பார்க்கும் தட்டான்களுக்குக் கண்கள் உச்சியில் ஒட்டியிருக்கும். ஆனால் குளத்தோரக் குச்சியின் நுனியில் உட்காரும், கறுப்பும் மஞ்சளுமான பெரிய இக்டினோகோம்பஸ் தட்டானுக்குக் கண்கள் ஒட்டாது. அதைப் பார்த்து "இடைவெளி இருக்கே, ஊசித்தட்டான்" என்று எழுதுகிறார்கள். இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், எவ்வளவு என்று கேளுங்கள். அதன் இடைவெளி ஒரு கண்ணின் அகலத்தைவிடக் குறைவு.

என்னை மிகவும் சோர்வடைய வைப்பது இன்னொன்று. "சின்னதா இருக்கு, தட்டான் குட்டி போல" என்பது. ஊசித்தட்டான் தட்டானின் குட்டி அல்ல. இரண்டின் இளம்பருவமும் தண்ணீருக்குள் கழிகிறது, அப்போது பறக்கும் இறக்கையே கிடையாது. தண்டில் ஏறித் தோலுரித்து இறக்கையோடு வெளிவந்த பிறகு எதுவும் வளர்வதில்லை. சின்ன ஊசித்தட்டான் நாளை பெரிய தட்டானாக மாறாது. சாக்கடையோரம் பறக்கும் ஆரஞ்சு நிற பிராக்கிதெமிஸ் சின்னதுதான், ஆனால் முழு வளர்ச்சி அடைந்த தட்டான். அளவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அதே தோலுரிப்பு வேறொரு குழப்பத்தையும் தரும். அப்போதுதான் வெளிவந்த தட்டான் முதலில் இறக்கையை முதுகின்மேல் சேர்த்தே வைத்திருக்கும். கொஞ்சம் உறுதியானதும்தான் விரிக்கும். அதிகாலைப் படத்தில் இறக்கை கண்ணாடிப் பளபளப்போடு மூடியிருந்து, பக்கத்தில் வெற்றுத் தோல் ஒட்டியிருந்தால் அவசரப்படாதீர்கள், கண்ணைப் பாருங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு: பக்கவாட்டுப் படம் ஒன்று மட்டும் எடுத்துவிட்டு நகராதீர்கள். பக்கவாட்டில் ஒரு கண் மற்றதை மறைத்துவிடும், இடைவெளியை யாராலும் அளக்க முடியாது. முன்னாலிருந்தோ மேலிருந்தோ இன்னொன்று எடுங்கள். உங்கள் நிழல் பூச்சிமேல் விழாமல், தாழ்ந்து, மெல்லப் போங்கள். நல்ல படத்துக்காக இறக்கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், தயவுசெய்து. புதிதாக வெளிவந்தவற்றின் இறக்கை தொட்டாலே நசுங்கி, பறக்க முடியாமல் போகும். கண்ணும் இறக்கை அடியும் தெரியாத படமாக இருந்தால் "தட்டான் அல்லது ஊசித்தட்டான், உறுதியில்லை" என்றே எழுதி அனுப்புங்கள். அதையும் ஏற்றுக்கொள்கிறோம்.