'முதலே சொன்னது போல' என்று வரும் மெயில்

யாழ்ப்பாணத்தில் டைல்ஸ் விற்கும் ஒரு கடைக்கு இப்படி ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "அண்ணை, போன கிழமை கதைச்ச மாதிரி, மிச்சக் காசைப் புதுக் கணக்குக்குப் போட்டு விடுங்கோ." அனுப்பியவர் பெயர் கொழும்பில் சரக்குத் தரும் ஆளுடையது. ஆனால் போன கிழமை அப்படி ஒரு கதையே நடக்கவில்லை.

இதற்கு முதலாளி "இல்லை, இப்ப ஏலாது" என்று பதில் போட்டாலும் மறுக்கப்படுவது காசு மட்டும்தான். போன கிழமைக் கதை அப்படியே நிற்கும். அதை மறுக்க, "நாங்கள் எப்ப கதைச்சனாங்கள்?" என்று பேச்சை நிறுத்தித் தனியாகக் கேட்கவேண்டும். பழக்கமான ஆளிடம் யாரும் லேசில் அப்படிக் கேட்பதில்லை. ஒருவர் ஒன்றை நடந்ததாக வைத்துப் பேசும்போது யாரும் தடுக்காவிட்டால், அது இருவரும் ஒப்புக்கொண்ட விடயம்போல் ஆகிவிடுகிறது என்பதை மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1979இல் விளக்கினார்.

நினைவும் இதற்கு ஒத்துழைக்கும். 1975இல் எலிசபெத் லோஃப்டஸும் கைடோ சன்னியும் சிலருக்கு ஒரு விபத்துப் படத்தைக் காட்டினார்கள். "உடைந்த ஹெட்லைட் ஏதும் பார்த்தீர்களா" என்று கேட்கப்பட்டவர்களைவிட, "அந்த உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்தீர்களா" என்று கேட்கப்பட்டவர்களே, படத்தில் இல்லாத ஹெட்லைட்டையும் பார்த்ததாக அதிகம் சொன்னார்கள். நாளுக்கு நாற்பது கோல் எடுக்கிற முதலாளிக்குப் போன கிழமை யாரோடு என்ன கதைத்தோம் என்பது ஏற்கெனவே மங்கல்தானே!

சரி, எப்படிப் பிடிப்பது? இப்படி ஒரு மெயில் உங்கள் பழைய மெயிலுக்குப் பதில்போல வந்தால், தலைப்பில் இருக்கும் `Re:` ஒன்றையும் நிரூபிக்காது, அதை யாரும் தட்டலாம். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்துங்கள். உண்மையான பதிலில் வழக்கமாக இப்படி ஒரு வரி இருக்கும்:

```
In-Reply-To: <abc123@mail.gmail.com>
```

கோணக் குறிகளுக்குள் இருப்பது, எந்த மெயிலுக்கு இது பதிலோ அதன் அடையாள எண். தேடல் பெட்டியில் `rfc822msgid:` என்று எழுதி, இடைவெளி விடாமல் அந்த எண்ணை ஒட்டித் தேடினால் பழைய மெயில் வரவேண்டும். நீங்கள் அதை அழித்திருக்காமலே தேடல் வெறுமையாக வந்தால், அல்லது `Re:` இருந்தும் அந்த வரியே இல்லாவிட்டால், சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான், சிலர் புது மெயில் எழுதி `Re:` என்று கையால் போடுவதும் உண்டு.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கொழும்புக்காரரின் மெயில் பெட்டியையே ஒருவன் திருடி, உள்ளே கிடக்கும் பழைய உரையாடலுக்குக் கீழேயே பதில் போட்டால் எல்லா எண்ணும் சரியாகப் பொருந்தும். மேலே உள்ள கதை நிசம், கணக்கிலக்கம் மட்டும் பொய். அங்கே இந்தச் சோதனை உதவாது. மெயிலில் தந்திருக்கும் நம்பரை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சாகியிருக்கும் நம்பருக்கு எடுத்துக் கேட்கவேண்டியதுதான்.